உங்களுக்குத் தெரியுமா? கொத்மலைக் குளிரில் கார்த்திகை விளக்கு

கொத்மலைத் தோட்டத்துச் சொந்தங்களுக்கு, விளக்கும் எண்ணெயும் விற்கும் கடைக்காரரின் கார்த்திகை வணக்கம். வாங்க வருமுன் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

தெரியுமா? தேங்காயெண்ணெய் 24, 25 பாகை செல்சியஸுக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். கொழும்புக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. நம் பக்கத்துக் கார்த்திகை இரவில் சிட்டி விளக்கில் ஊற்றிய எண்ணெய் வெள்ளைக் கட்டியாகிவிடும். கட்டி திரியில் ஏறாது. திரியில் ஊறியிருந்த எண்ணெய் தீர்ந்ததும் திரியே கருகத் தொடங்கும். சுடர் சிறுத்து, நுனி சிவந்து புகைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். எண்ணெயில் கலப்படம் என்று சண்டைக்கு வராதீர்கள்!

நல்லெண்ணெய் இந்தக் குளிருக்கு உறையாது. விலை கட்டாது என்றால் தேங்காயெண்ணெயில் பாதிக்குப் பாதி கலக்கலாம். தேங்காயெண்ணெய்தான் என்றால், போத்தலைச் சுடுதண்ணீரில் நிறுத்தி உருக்குங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம். திரியை அதில் நன்றாக ஊறவைத்து, நுனி கொஞ்சமாக வெளியே தெரியும்படி போடுங்கள். சுடர் எண்ணெய்க்குக் கிட்ட இருந்தால் அதன் சூடே பக்கத்துக் கட்டியை உருக்கும்.

தெரியுமா? புதுச் சிட்டி எண்ணெயைக் குடிக்கும். ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துக் காயவைத்தபின் ஏற்றுங்கள். ஈரம் தங்கினால் சுடர் படபடவென்று தெறிக்கும்.

வாசலுக்குச் சிட்டி, சாமித்தட்டுக்குக் காமாட்சி விளக்கு, கோயிலுக்குக் குத்துவிளக்கும் தூக்குவிளக்கும். தூண்டாமணி விளக்கின் சங்கதி தனி. கீழே எண்ணெய் குறையக் குறைய, மேலே உள்ள கலத்துக்குள் காற்றுப் புகுந்து எண்ணெயை இறக்கிவிடும். கேகாலைப் பக்கத்துத் தெதிகமவில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டு யானை விளக்கும் ஏறக்குறைய இதே வித்தைதான். அதில் எண்ணெய் யானையின் வயிற்றில் இருக்கும். தூண்டாமணியில் தனித் தேங்காயெண்ணெய் ஊற்றினால், உறைந்து வழி அடைத்துக்கொள்ளும்.

தெரியுமா? உறையாமலிருக்க மண்ணெண்ணெய் கலப்பது பழைய லயத்துப் பழக்கம். விட்டுவிடுங்கள். தேங்காயெண்ணெயின் ஆவி தீப்பிடிக்க 200 பாகைக்கு மேல் சூடேற வேண்டும். மண்ணெண்ணெய்க்கு 40 பாகை அளவே போதும். எரியும் சுடர் சிட்டியை அந்தச் சூட்டுக்குச் சுலபமாகக் கொண்டுபோகும். அப்புறம் திரி மட்டுமல்ல, சிட்டி முழுதும் எரியும்.

லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ, கூரை வழியே அடுத்த காம்பராவுக்கும் போகும். ஆகவே விளக்கைச் சீமெந்துப் படியில் வையுங்கள். பலகை யன்னலோரம், பொலித்தீன் மறைப்பு, விறகுக் குவியல் பக்கம் வேண்டாம். படுக்குமுன் எல்லாவற்றையும் அமர்த்துங்கள். எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் அடியில் போய் ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே வீசும். ஒரு வாளி மணல் வாசலில் இருக்கட்டும். மணலைக் கொட்டியோ தகர மூடியால் மூடியோ அணையுங்கள்.

மணல் மட்டும் நம் கடையில் கிடையாது. ஆற்றோரத்தில் அள்ளிக்கொள்ளுங்கள், ஆனால் காயவைத்து வாளியில் போடுங்கள்.