பலித்த மந்திரமே பிரச்சினை ஆகட்டும்

மூன்று மாணவர்கள். படிப்பு முடிந்ததும் குரு கேட்ட தட்சணை ஒரு கோடிப் பொன். அவ்வளவு பொன் நந்த மன்னனிடம் மட்டுமே இருக்கிறது. மூவரும் அயோத்தியில் அவன் முகாமிட்டிருந்த இடத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மன்னன் செத்துப்போகிறான். மூவரில் ஒருவனான இந்திரதத்தனுக்குக் கூடு விட்டுக் கூடு பாயத் தெரியும். "நான் மன்னன் உடலில் நுழைகிறேன். வரருசி வந்து பொன் கேட்கட்டும், கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அதுவரை என் உடலை வியாடி காவல் காக்கட்டும்" என்று திட்டம் போடுகிறான். பாழடைந்த கோயில் ஒன்றில் உடலைக் கிடத்திவிட்டு மன்னனுக்குள் நுழைகிறான். மன்னன் எழுந்து உட்கார்கிறான். ஊரே கொண்டாடுகிறது.

பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் வரும் கதை இது. மாயம் வரும் கதையை எழுத நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். ஏனென்றால் இதில் மந்திரம் எங்கேயும் தோற்பதில்லை. நினைத்தபடியே பலிக்கிறது. பலித்ததால்தான் எல்லாம் கெடுகிறது.

அமைச்சர் போட்ட கணக்கு

மன்னனுக்குச் சகடாலன் என்று ஓர் அமைச்சர். அவரிடம் மந்திரம் எதுவும் கிடையாது, புத்தி மட்டும் உண்டு. செத்தவர் பிழைக்கிறார், பிழைத்த உடனே ஒருவன் வந்து கோடிப் பொன் கேட்கிறான், மன்னரும் மறு பேச்சில்லாமல் கொடுக்கச் சொல்கிறார். உள்ளே இருப்பது வேறு ஆள் என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் அவர் அதை அம்பலப்படுத்தவில்லை. இளவரசன் சந்திரகுப்தன் சின்னப் பையன், சுற்றிலும் பகைவர்கள். இப்போதைக்கு நாட்டுக்கு ஒரு மன்னன் வேண்டும், அவன் யாராக இருந்தாலும் சரி. ஆகவே அவர் ஒரே ஒரு கட்டளை இடுகிறார்: ஊரில் எங்கே பிணம் கிடந்தாலும் தேடிப்பிடித்து எரித்துவிடுங்கள்.

கோயிலில் கிடந்த இந்திரதத்தனின் உடலும் எரிகிறது. காவல் இருந்த வியாடியைத் தள்ளிவிட்டு எரிக்கிறார்கள். அதன் பிறகுதான் பொன் கைக்கு வருகிறது. குருவுக்குத் தட்சணை கிடைத்துவிட்டது. இந்திரதத்தனோ இனி வாழ்நாள் முழுக்க இன்னொருவனின் உடலில் மன்னனாகவே இருந்தாக வேண்டும்.

கதை இங்கே நிற்கவில்லை. தன் உடலை எரித்த குற்றத்துக்காகச் சகடாலனையும் அவருடைய நூறு பிள்ளைகளையும் புது மன்னன் இருண்ட கிணற்றில் தள்ளுகிறான். உள்ளே இறங்குவது சிறிதளவு உணவும் தண்ணீரும் மட்டும். பழிவாங்கக் கூடியவர் ஒருவராவது மிஞ்சட்டும் என்று பிள்ளைகள் பட்டினி கிடந்து சாகிறார்கள், தந்தை பிழைக்கிறார். பிறகு அவர் வெளியே வந்து, சாணக்கியரைக் கொண்டுவந்து, அந்த மன்னனின் கதையை முடிக்கிறார். ஒரு தட்சணைக்காகச் செய்த ஒரே ஒரு வித்தையிலிருந்து ஓர் அரசே கவிழ்கிறது. 

மூன்று விதிகள்

இந்தக் கதையைப் பிரித்துப் பார்த்தால் அந்த வித்தைக்கு மூன்று விதிகள் இருப்பது தெரியும். ஒன்று, உயிர் போன உடலில்தான் நுழைய முடியும். இரண்டு, விட்டுவந்த சொந்த உடல் காவலில்லாமல் கிடக்கும். பார்ப்பவருக்கு அது பிணம். மூன்று, நுழைபவனுக்கு அவனுடைய அறிவும் நினைவும் மட்டுமே உண்டு. அந்த உடலுக்கு உரிய மனைவி, பகைவர், பதவி, கடன் எல்லாம் அந்த உடலோடு வந்து சேரும்.

இரண்டாம் விதியை வைத்துச் சோமதேவர் கதை நகர்கிறது. திருவண்ணாமலையில் வழங்கும் அருணகிரிநாதர் கதையும் அப்படியே. பாரிசாத மலரைக் கொண்டுவரக் கிளியின் உடலில் புகுந்து அவர் போயிருந்த நேரத்தில், சம்பந்தாண்டான் அவருடைய உடலை எரிக்கச் செய்துவிடுகிறான். அவர் கிளியாகவே நின்றுவிடுகிறார்.

மூன்றாம் விதியை எடுத்துக்கொள்கிறது பெரிய புராணம். சாத்தனூரில் மாடு மேய்க்கும் மூலன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அவற்றின் துயரம் பொறுக்காத யோகி மூலன் உடலில் புகுந்து மாடுகளை வீடு சேர்க்கிறார். மாடுகளின் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அங்கே மூலனின் மனைவி காத்திருக்கிறாள். அவர் கண்முன் நிற்பது அவள் கணவனின் உடல். ஆனால் உள்ளே இருப்பவருக்கும் அவளுக்கும் எந்த உறவும் இல்லை. அவர் அவளைத் தொட மறுக்கிறார். அவள் ஊராரிடம் போய் முறையிடுகிறாள். பசுக்களுக்கு இரங்கியவரின் கருணை, ஒரு பெண்ணுக்குத் தீராத துயரமாகிறது. திரும்பிப் போய்த் தேடினால் அவருடைய சொந்த உடலும் இல்லை. மூலனாகவே, திருமூலராகவே இருந்துவிடுகிறார்.

வித்தை ஒன்றுதான். எந்த விதியை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு இடத்தில் அது அரசியல் கதை, ஒரு இடத்தில் பகைவனின் சூழ்ச்சி, ஒரு இடத்தில் குடும்பத் துயரம்.

எது விலை, எது அலங்காரம்

புதிதாக எழுதுபவர்கள் மாயத்துக்கு வைக்கும் விலை பெரும்பாலும் களைப்புதான். மந்திரம் சொன்னால் மூக்கில் ரத்தம் வரும், மயங்கி விழுவான், அடுத்த அத்தியாயத்தில் எழுந்துவிடுவான். ஓய்வெடுத்தால் திரும்பிவிடுகிற எதுவும் விலை ஆகாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. கையெழுத்துப் பிரதியில் அந்த விலையைச் சொல்லும் வரிகளை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள். ஒரு காட்சிகூட மாறவில்லை என்றால் அது அலங்காரம். கதாசரித்சாகரத்தில் 'உடல் காவலில்லாமல் கிடக்கும்' என்ற விதியை எடுத்துவிட்டால் சகடாலன் இல்லை, கிணறு இல்லை, சாணக்கியர் இல்லை.

இதற்கு நேர் எதிரான விபத்தையும் பார்க்கலாம். 1999இல் வெளிவந்த மூன்றாவது ஹாரி பாட்டர் நாவலில் காலத்தில் பின்னோக்கிப் போக உதவும் ஒரு சிறு கருவி வருகிறது. அந்த நாவலின் சிக்கலை அது அழகாகத் தீர்த்தும் வைக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. உடனே வாசகருக்கு ஒரு கேள்வி வருகிறது: இதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சாவுக்கும் இதையே ஏன் பயன்படுத்தக் கூடாது? 2003இல் வந்த ஐந்தாவது நாவலில் நடக்கும் ஒரு சண்டையில், அமைச்சகத்தில் இருந்த அந்தக் கருவிகள் எல்லாம் உடைந்துபோகின்றன. விலை வைக்காமல் ஒரு சக்தியைக் கதைக்குள் விட்டுவிட்டால், பின்னால் அதை எப்படியாவது அப்புறப்படுத்த வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் முக்கியம்: விதி முன்கூட்டியே வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாயத்தால் சிக்கலைத் தீர்ப்பதானால் அந்த மாயம் வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுதான் அந்தத் தீர்வு எடுபடும் என்பார் அமெரிக்க நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன். சிக்கலைக் கிளப்புவதற்கும் இது பொருந்தும். சோமதேவர் இதற்காக விளக்கவுரை எழுதவில்லை. 'உடலை வியாடி காக்கட்டும்' என்று ஒரு முன்னெச்சரிக்கையைக் காட்டுகிறார். எதற்குக் காவல் போடுகிறார்களோ அதற்குத்தான் ஆபத்து என்று வாசகர் தானே புரிந்துகொள்கிறார்.

இன்றைக்கு எழுதினால்

இதே மூன்று விதிகளை ஒரு கிராமத்தில் வைத்துப் பார்ப்போம். அண்ணனும் தம்பியும். பொதுச் சொத்தை விற்றுக் கடன் அடைக்க வேண்டும். பத்திரப் பதிவுக்கு நாள் குறித்தாயிற்று. முதல் நாள் இரவு தோட்டத்தில் அண்ணன் மாரடைப்பில் சாகிறார். தம்பிக்கு அந்த வித்தை தெரியும். மோட்டார் ரூமில் தன் உடலைப் படுக்கவைத்துவிட்டு அண்ணனுக்குள் நுழைகிறான்.

பதிவு அலுவலகத்தில் கைரேகை அண்ணனுடையது, இயந்திரம் ஒப்புக்கொள்கிறது. முகமும் ஒத்துப்போகிறது. பத்திரம் பதிவாகிறது. மாயம் பலித்துவிட்டது. இனிமேல்தான் கதை.

கடன் கொடுத்தவர் பத்து வருடம் முந்தைய ஒரு கைமாத்துக் கணக்கைப் பேச்சுவாக்கில் கேட்கிறார். அண்ணன் நினைவு தம்பிக்கு இல்லை, முழிக்கிறான். கடன்காரருக்கு மந்திரம் தெரிய வேண்டியதில்லை, சந்தேகம் போதும். தம்பி எங்கே என்று தேடுகிறார். மோட்டார் ரூமில் அசைவில்லாத உடலைப் பார்த்ததும் போலீசுக்குச் சொல்கிறார். போலீஸ் வருகிறது, உடல் அரசு மருத்துவமனைக்குப் போகிறது. இனி அடுத்தது பிரேதப் பரிசோதனை. சகடாலன் மூட்டிய தீயின் வேலையை இங்கே ஒரு நடைமுறையே செய்துவிடுகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம்கூட இருக்க வேண்டியதில்லை.

வீட்டிலோ அண்ணி அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். கணவன் செத்ததே அவளுக்குத் தெரியாது. தம்பி தன் உடலைக் காப்பாற்ற ஓடினால், அவள் கண்முன் கணவன் சுருண்டு விழுவான். ஓடாவிட்டால் தம்பியின் மனைவி விதவை. வித்தையைச் செய்தவன் ஒருவன், விலை கொடுப்பவர்கள் இரண்டு பெண்கள். செய்தவனைவிட அதிகமாக அருகில் இருப்பவர் செலுத்த வேண்டிவரும் விலைதான் கதையை ஆழமாக்கும்.

இந்த இடத்தில் எழுதுபவருக்கு ஒரு சபலம் வரும்: பரிசோதனை மேசையில் தம்பி தற்செயலாகக் கண்விழிக்கட்டும், ஒரு சித்தர் வந்து வேறு வழி சொல்லட்டும் என்று. அப்படிச் செய்தால் அதுவரை கட்டிய மூன்று விதிகளும் பொய்யாகிவிடும். வெளியே வருகிற வழியும் அதே விதிகளுக்குள் இருந்தே கிடைக்க வேண்டும். விக்கிரமாதித்தன் கதை அதைச் செய்கிறது. மன்னன் கிளிக்குள் போன சமயம் பார்த்து வித்தையைக் கற்றுக்கொண்ட இன்னொருவன் மன்னனின் உடலில் புகுந்துவிடுகிறான். சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் மாறினாலும் முடிவின் தந்திரம் ஒன்றுதான்: போலி மன்னனிடம் அவனுடைய வித்தையைக் காட்டச் சொல்லி, செத்த விலங்கு ஒன்றுக்குள் அவனாகவே பாயும்படி செய்வது. அவன் விட்டுப்போன அந்தக் கணத்தில் காவலில்லாமல் கிடப்பது மன்னனின் உடல். எந்த விதி விக்கிரமாதித்தனை வெளியே தள்ளியதோ, அதே விதி வழியாக அவன் வீட்டுக்குள் வருகிறான்.

தம்பிக்கும் அப்படி ஒரு வழி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால் அது முதல் பக்கத்தில் சொன்ன விதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவன் அண்ணனாகவே வாழ்ந்து முடிக்கட்டும்.