ஒரே கோடு, நான்கு ஒலி

சரதுஷ்ட மதத்தின் பஹ்லவி ஏடுகள் பலவற்றின் தலைப்பில், நம் பிள்ளையார் சுழிபோல, ஒரு வரி இருக்கும்: 'பத் நாம் ஈ தாதார் ஓஹர்மஸ்த்'. 'படைத்தவனான ஓஹர்மஸ்தின் பெயரால்' என்று பொருள். ஐந்தே சொற்கள்தான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படித்தால் இந்த ஐந்தும் வராது.

வலமிருந்து இடமாகப் போவோம். முதல் சொல்லில் ப, வ, ன என்ற எழுத்துகள் இருக்கின்றன, படிப்பதோ 'பத்'. அடுத்ததில் ஷ, ம. இது அரமேய மொழியில் 'பெயர்' என்னும் சொல். பாரசீகர் அதை அப்படியே எழுதி, வாயால் தங்கள் சொல்லான 'நாம்' என்று படித்தார்கள். ௵ என்று எழுதி நாம் 'வருடம்' என்று படிப்பதில்லையா, அதுபோலத்தான்.

'ஈ'யைத் தாண்டினால் 'தாதார்'. அதன் நடுவில் வல்லொலித் தகரத்தை எழுதி மெல்லொலியாகப் படிக்கிறார்கள். உயிருக்குப் பின் வரும் தகரம் மெலிவது தமிழருக்குப் புதிதல்ல. கடைசியில் லகரத்தை எழுதி ரகரமாகப் படிக்கிறார்கள்.

உண்மையான சிக்கல் கடவுளின் பெயரில்தான். அரமேய எழுத்துகள் கைப்பழக்கத்தில் தேய்ந்து, பல ஒன்றுபோலவே ஆகிவிட்டன. வ, ன, ர மூன்றுக்கும், அரமேயத் தொண்டையொலி ஒன்றுக்கும் சேர்த்து ஒரே நேர்கோடு. அகரத்துக்கும் ஹகரத்துக்கும் ஒரே வளைவு. பெயரில் இருக்க வேண்டிய எழுத்துகள் அ, வ, ஹ, ர, ம, ஸ்த். கண்ணுக்குத் தெரிவதோ வளைவு, கோடு, வளைவு, கோடு, மகரம். கடைசி இரண்டெழுத்தும் ஒட்டிக்கொண்டு மறுபடி அந்த வளைவு!

முதல் கோட்டை னகரமாகவும், இரண்டாவதை ஓகாரமாகவும், இறுதி வளைவை ஆகாரமாகவும் எடுத்தால் 'அன்ஹோமா' வருகிறது. பார்சிப் புரோகிதர்களிடம் இந்த வாசிப்பு உண்மையாகவே வழங்கியது. எழுத்தை மட்டும் பார்த்தால் அதில் பிழையில்லை.

பிழை என்று எப்படித் தெரிந்தது? நக்ஷே ருஸ்தம் பாறையில், மூன்றாம் நூற்றாண்டு மன்னர் முதலாம் அர்தஷீரின் சிற்பத்தில், எதிரே நிற்கும் கடவுளுக்குப் பெயர் பொறித்திருக்கிறது. கல்வெட்டு எழுத்து தனித்தனியாக நிற்கும். அதில் னகரத்துக்கு வேறு வடிவம் உண்டு. இந்தப் பெயரில் அந்த வடிவம் இல்லை. துர்ஃபானில் கிடைத்த மானி சமய ஏடுகளும், அரமேயச் சொல் கலவாத தெளிவான எழுத்தில் இதையே உறுதிசெய்தன.

எல்லாச் சொல்லுக்கும் இப்படிச் சான்று கிடைப்பதில்லை. ஆகவே சொற்களைத் தெரிந்துகொண்ட பிறகே எழுத்தைப் படிக்க முடியும். 1971இல் வந்த மெக்கென்சியின் பஹ்லவி அகராதி அதனால்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் எழுதும் விதத்தையும் படிக்கும் விதத்தையும் தனித்தனியே தருகிறது.