ஒரு பாட்டிலுக்கு எத்தனை கிராம் பிளாஸ்டிக்?

ஒரு பாட்டிலைச் செய்ய எவ்வளவு பிளாஸ்டிக் வேண்டும் என்பதைக் கொள்ளளவு, சுவரின் தடிமன், பிளாஸ்டிக்கின் அடர்த்தி ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. இவற்றுள் கொள்ளளவு நேரடியாகக் கணக்குக்குள் வருவதில்லை. உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் பிளாஸ்டிக்கின் எடைக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. அந்தத் தண்ணீரைச் சுற்றி வளைக்கும் சுவரின் பரப்புதான் எடையை நிர்ணயிக்கிறது. எனவே கொள்ளளவிலிருந்து முதலில் பரப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். பரப்பைத் தடிமனால் பெருக்கினால் சுவரின் கனஅளவு கிடைக்கும். அதை அடர்த்தியால் பெருக்கினால் எடை வந்துவிடும்.

கடைகளில் கிடைக்கும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலையே எடுத்துக்கொள்ளலாம். இது பெட் எனப்படும் பிளாஸ்டிக்கால் ஆனது. 1 லிட்டர் என்று லேபிளில் இருந்தாலும், மூடிக்குக் கீழே சிறிது காலி இடம் விட்டாக வேண்டும். அதனால் விளிம்புவரை நிரப்பினால் 1,040 மில்லி கொள்ளும்படி பாட்டில் வடிவமைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு எடுக்க வேண்டிய கொள்ளளவு இதுதான்.

பாட்டிலின் விட்டம் 8 செ.மீ. என்றால், குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 50.3 சதுர செ.மீ. 1,040-ஐ இதனால் வகுத்தால் உயரம் சுமார் 20.7 செ.மீ. வரும். பாட்டிலை ஓர் எளிய உருளையாகக் கொண்டால் பக்கச் சுவரின் பரப்பு 520 சதுர செ.மீ.; அடியும் மேலும் தலா 50; ஆக மொத்தம் 620 சதுர செ.மீ. உண்மையான பாட்டிலில் தோள்பகுதி சரிந்து குறுகுகிறது, உடலில் வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றின் துல்லியமான பரப்பை வடிவமைப்பு மென்பொருள் கணக்கிட்டுத் தரும். முதல் மதிப்பீட்டுக்கு உருளையே போதும்.

சுவரின் தடிமன் 0.25 மி.மீ. என்று கொள்வோம். பரப்பு சதுர செ.மீ.-இல் இருப்பதால் தடிமனையும் 0.025 செ.மீ. என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் தவறினால் விடை பத்து மடங்கு பிசகும். 620-ஐ 0.025-ஆல் பெருக்கினால் 15.5 கன செ.மீ. பாட்டிலாக ஊதப்பட்ட பெட்டின் அடர்த்தி கன செ.மீ.-க்குச் சுமார் 1.36 கிராம். ஆக சுவரின் எடை 21 கிராம்.

இதோடு கணக்கு முடிவதில்லை. பாட்டிலின் கழுத்து இந்தச் சூத்திரத்துக்குள் அடங்காது. பெட் பாட்டில் இரண்டு கட்டங்களில் உருவாகிறது. முதலில் சோதனைக் குழாய் போன்ற தடித்த பிரீஃபார்ம் வார்க்கப்படும். பிறகு அதைச் சூடாக்கி, நீட்டி, அச்சுக்குள் காற்றால் ஊதுவார்கள். மரையுள்ள கழுத்து முதல் கட்டத்திலேயே முழு வடிவம் பெற்றுவிடுகிறது. அது ஊதப்படுவதில்லை, மெலிவதும் இல்லை. அதனால் அதன் எடையைத் தனியாகக் கூட்ட வேண்டும். 28 மி.மீ. கழுத்துகளில் பிசிஓ 1810 என்ற பழைய வகை சுமார் 5 கிராம். உயரம் குறைந்த பிசிஓ 1881 வகை சுமார் 3.8 கிராம். கழுத்தை மாற்றினாலே பாட்டிலுக்கு ஒரு கிராமுக்கு மேல் மிச்சமாகிறது. அடியின் நடுப்பகுதியும் அதிகம் நீளாமல் தடித்தே நிற்பதால் அதற்கு ஏறக்குறைய 1 கிராம் சேர்க்கலாம். 21, 3.8, 1 ஆகியவற்றைக் கூட்டினால் ஏறத்தாழ 26 கிராம். இதே எடையில்தான் பிரீஃபார்மும் இருக்க வேண்டும். அதன் சுவர் 3 மி.மீ. தடிமன் கொண்டது என்றால், ஊதும்போது பரப்பு 12 மடங்கு விரிந்து 0.25 மி.மீ. ஆகிறது.

இந்த 0.25 என்பது சராசரி. எந்தப் பாட்டிலின் சுவரும் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் அமைவதில்லை. அச்சின் மூலைகளை எட்ட பிளாஸ்டிக் அதிக தூரம் நீள வேண்டியிருப்பதால் அடிப்பகுதியின் ஓரங்கள் மெலிந்துபோகும். மொத்த எடை சரியாக இருந்தும், பாட்டில்களை அடுக்கும்போது ஓரம் நசுங்குகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதைக் கண்டுபிடிக்க பாட்டிலைத் தோள், உடல், அடி என்று சூடான கம்பியால் மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே நிறுப்பார்கள். தோளில் எடை கூடி அடியில் குறைந்திருந்தால், பிரீஃபார்மைச் சூடாக்கும் விதத்தை மாற்ற வேண்டும். பிளாஸ்டிக்கை மேலும் சேர்ப்பது தீர்வாகாது.

எடை கூடினால் இன்னொரு விளைவும் உண்டு. அச்சு நிர்ணயிப்பது பாட்டிலின் வெளி அளவை. சுவர் தடித்தால் அது உள்நோக்கித்தான் வளரும். மேலே சொன்ன பாட்டிலில் தடிமன் 0.25-இலிருந்து 0.30 மி.மீ. ஆனால் எடை சுமார் 4 கிராம் கூடும். கொள்ளளவோ 3 மில்லி குறையும். ஆகவே எடையைக் கண்காணிப்பது அளவைக் கண்காணிப்பதுமாகும்.

அடர்த்தியில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. மூட்டையில் வரும் பிளாஸ்டிக் குருணைகளுக்கு இடையே காற்று இருப்பதால், ஒரு லிட்டர் பாத்திரத்தில் அளந்து நிறுத்தால் அடர்த்தி குறைவாகத் தெரியும். சேமிப்புத் தொட்டியின் அளவைக் கணக்கிட அந்த எண் பயன்படும். பாட்டில் எடைக்குத் திடமான பிளாஸ்டிக்கின் அடர்த்தியே வேண்டும். இரண்டாவது தவறு, அடர்த்தி குறைந்த பிளாஸ்டிக்குக்கு மாறினால் பாட்டிலும் இலேசாகும் என்ற எண்ணம். எண்ணெய், பினாயில் பாட்டில்களுக்கான எச்டிபிஇ-யின் அடர்த்தி சுமார் 0.955, தண்ணீரில் மிதக்கும். ஆனால் அது பெட்டைவிட விறைப்பு குறைந்தது. அதே 1 லிட்டர் பாட்டிலுக்கு 0.8 மி.மீ. சுவர் வைத்தால், 620-ஐ 0.08-ஆலும் 0.955-ஆலும் பெருக்க, கழுத்தைச் சேர்க்காமலே 47 கிராம் வந்துவிடும்.

கொள்ளளவு இரட்டிப்பானால் எடை இரட்டிப்பாவதில்லை. ஒரே வடிவத்தில் பாட்டில் பெரிதாகும்போது, கொள்ளளவு 2 மடங்கானால் பரப்பு சுமார் 1.59 மடங்குதான் ஆகும். தடிமனும் கழுத்தும் மாறாவிட்டால் 2 லிட்டர் பாட்டிலுக்கு 39 கிராம் அளவில் போதும். இரண்டு 1 லிட்டர் பாட்டில்களுக்கோ 52 கிராம். மறுபக்கம், அரை லிட்டர் பாட்டில் 13 கிராமில் அடங்காது. கழுத்து அதே கழுத்து என்பதால் 18 கிராம் அளவுக்கு வரும்.

கடைசியாகக் கொள்முதல் கணக்கு. 1 லட்சம் பெட் பாட்டில்களுக்கு 26 கிராம் வீதம் 2,600 கிலோ. வார்ப்பிலும் ஊதுவதிலும் 2 சதவீதம் வீணாகும் என்றால் 2,650 கிலோ அளவில் வாங்க வேண்டும். எச்டிபிஇ பாட்டில் குழாய் வடிவில் பிதுக்கப்பட்டு ஊதப்படுவதால், மேலும் கீழும் பிசிறு வெட்டி எடுக்கப்படுகிறது. அது அரைக்கப்பட்டு மறுபடி பயன்படுவதால் கொள்முதலை அதிகம் பாதிக்காது. ஆனால் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் உருக்க வேண்டிய அளவைக் கணக்கிடும்போது பாட்டிலோடு பிசிறையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.