நாற்பது நொடியில் ஒரு எக்செல் வித்தை

எக்செல் 2013-இல் வந்த ஃபிளாஷ் ஃபில்லை நாற்பது நொடி வீடியோவில் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? வணக்கமும் முன்னுரையும் வேண்டாம். முதல் ஐந்து நொடியில் முடிவைக் காட்டிவிடுங்கள்: A பத்தியில் `Kumar, Madurai` போன்ற வரிகள், B-யில் ஊர்ப் பெயர் மட்டும் சரசரவென நிரம்புகிறது. பார்ப்பவர் நின்று பார்ப்பது அதற்காகத்தான்.

பிறகு பெரிய எண்களோடு மூன்றே படிகள், ஒவ்வொன்றுக்கும் எட்டு நொடி. 1: B2-இல் `Madurai` என்று கையால் தட்டுகிறோம். 2: என்டர் அழுத்தி B3-க்கு வருகிறோம். 3: `Ctrl+E`. இந்த விசைகளைத் திரையில் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். குரல் மட்டும் போதாது, பலர் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள். முழுத் திரையையும் காட்டினால் செல்போனில் எழுத்து எறும்பாகிவிடும். இரண்டு பத்தி, ஆறு வரி தெரியும்படி பெரிதாக்கினால் போதும்.

மிச்சமுள்ள பதினோரு நொடியைப் பலர் 'லைக் போடுங்கள்' என்று வீணடிக்கிறார்கள். அங்கேதான் எச்சரிக்கை வர வேண்டும். `Selvi, R, Salem` என்று ஒரு வரி இருந்தால், ஊருக்குப் பதில் `R` வந்து உட்காரலாம். எனவே மாறுபட்ட வரிகளைக் கண்ணால் சரிபார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: இது ஃபார்முலா இல்லை. A2-இல் ஊரை மாற்றினாலும் B2 பழைய `Madurai`யாகவே நிற்கும். அதை மாற்றிக் காட்டியே வீடியோவை முடிக்கலாம்.