தன்மைகாட்டியின் குறி தவறும் இடங்கள்

ax² + bx + c = 0 என்ற இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் எப்படிப்பட்டவை என்பதை, அவற்றைக் கண்டுபிடிக்காமலேயே b² − 4ac என்ற ஒரே எண்ணால் சொல்லிவிடலாம். பள்ளிப் பாடநூல் இதைத் தன்மைகாட்டி என்கிறது. Δ என்று குறிக்கிறது. Δ மிகை எண்ணானால் மூலங்கள் இரண்டும் மெய்யெண்கள், ஒன்றுக்கொன்று வேறானவை. Δ பூச்சியமானால் இரண்டும் ஒன்றே. Δ குறை எண்ணானால் மெய் மூலங்களே இல்லை. விதி மூன்று வரிதான். மாணவர்களுக்கு மனப்பாடமாகவும் இருக்கும். ஆனாலும் ‘மூலங்களின் தன்மையைக் காண்க’ என்ற கேள்வியில் மதிப்பெண் போவது விதி மறந்ததால் அல்ல, Δ-வின் குறியைத் தவறாகக் கணக்கிட்டதாலோ, சரியாகக் கணக்கிட்டும் தவறாகப் படித்ததாலோதான்.

குறிக்கு ஏன் இத்தனை அதிகாரம் என்பதைச் சமன்பாட்டிலேயே பார்க்கலாம். இருபுறமும் 4a-யால் பெருக்கி, b²-ஐக் கூட்டி ஒழுங்குபடுத்தினால் (2ax + b)² = b² − 4ac என்று வரும். இந்த வழி பழைய இந்திய கணித நூல்களில் ஸ்ரீதரர் பெயரால் அறியப்படுகிறது. இடப்பக்கம் இருப்பது ஒரு வர்க்கம். எந்த மெய்யெண்ணை வர்க்கப்படுத்தினாலும் குறை எண் வராது. ஆகவே வலப்பக்கம் குறை எண்ணாக இருந்தால் அந்தச் சமன்பாட்டை நிறைவு செய்யும் மெய்யெண் x கிடையாது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரரும் குறை எண் ஒரு வர்க்கமாக முடியாது, அதனால் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்றே எழுதினார். வலப்பக்கம் மிகையாக இருந்தால் அதற்குக் கூட்டல் குறியோடு ஒன்று, கழித்தல் குறியோடு ஒன்று என இரண்டு வர்க்கமூலங்கள். அவையே இரண்டு x-ஐத் தருகின்றன.

இனி தவறு நடக்கும் இடங்கள். மிகவும் பழகிய தவறு c குறை எண்ணாக இருக்கும்போது நேர்கிறது. x² − 2x − 5 = 0 என்பதில் a = 1, b = −2, c = −5. Δ = 4 − 4(1)(−5) = 4 + 20 = 24. சூத்திரத்தில் ஏற்கெனவே ஒரு கழித்தல் குறி இருக்கிறது. C தன்னோடு இன்னொன்றைக் கொண்டுவருகிறது. இரண்டும் சேர்ந்து கூட்டலாகிவிட வேண்டும். அவசரத்தில் எழுதும் கை ஒரு குறியை விழுங்கி 4 − 20 = −16 என்று போடுகிறது. விடை ‘மெய் மூலங்கள் இல்லை’ என்றாகிவிடுகிறது. ஆனால் x = 0 என்று போட்டுப் பார்த்தால் இடப்பக்கக் கோவை −5; x = 4 என்று போட்டால் 16 − 8 − 5 = 3. குறை எண்ணிலிருந்து மிகை எண்ணுக்குப் போகும் வழியில் அந்தக் கோவை எங்கோ ஓரிடத்தில் பூச்சியத்தைக் கடந்தே ஆகவேண்டும். அப்படியானால் 0-க்கும் 4-க்கும் இடையே ஒரு மெய் மூலம் நிச்சயமாக இருக்கிறது, −16 பொய்.

இதிலிருந்தே ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. a-யும் c-யும் எதிரெதிர்க் குறி கொண்டவை என்றால் −4ac எப்போதும் மிகை. B² ஒருபோதும் குறை எண் ஆகாது. எனவே Δ கட்டாயம் மிகைதான். a, c குறிகள் வேறாக இருந்தும் Δ குறை எண்ணாக வந்தால், மேற்கொண்டு போகாமல் அந்த வரியையே திரும்பப் பார்க்க வேண்டும். கணக்கிடத் தொடங்கும் முன் இரண்டு குறிகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பாடநூல் வலியுறுத்தியிருந்தால் பாதிப் பிழைகள் காணாமல் போயிருக்கும்.

b குறை எண்ணாக இருக்கும்போது வேறு வகைத் தவறு. x² − 3x + 1 = 0 என்பதில் b² என்பது (−3)², அதாவது 9; Δ = 9 − 4 = 5. அடைப்புக்குறி இல்லாமல் −3² என்று எழுதினால் அதன் பொருள் 3-ஐ வர்க்கப்படுத்திவிட்டுப் பிறகு கழித்தல் குறி இடுவது, −9 ஆகிவிடும், Δ-வும் −13 என்று வரும். பல அறிவியல் கணிப்பான்களும் இப்படியே கணக்கிடுகின்றன. பைத்தான் மொழியில் `-3**2` என்று கொடுத்தால் விடை −9. கருவி தவறு செய்யவில்லை, கேட்டதைத்தான் தந்தது. கேட்டவர் அடைப்புக்குறி போடவில்லை.

மூன்றாவது வகையில் தவறு Δ-வுக்கு முன்பே நடந்துவிடுகிறது. x² = 2x + 3 என்று கொடுத்திருந்தால் 1, 2, 3 என்று அப்படியே எடுத்துக்கொண்டு 4 − 12 = −8 என்று போடுகிறவர்கள் உண்டு. எல்லா உறுப்புகளையும் ஒரு பக்கம் கொண்டுவந்து x² − 2x − 3 = 0 என்று எழுதிய பிறகே கெழுக்களைப் படிக்க வேண்டும். அப்போது Δ = 4 + 12 = 16; மூலங்கள் 3, −1. இல்லை என்று தீர்ப்பளிக்கப்பட்ட மூலங்கள் இரண்டும் முழு எண்களாக நிற்கின்றன.

கணக்கு சரியாக வந்த பின்னும் படிப்பதில் பிசகலாம். Δ மிகை என்றால் மூலங்களும் மிகை என்று எண்ணிக்கொள்வது அவற்றில் ஒன்று. x² + 5x + 6 = 0-க்கு Δ = 1; மூலங்களோ −2, −3. மூலங்களின் குறியைச் சொல்வது அவற்றின் கூடுதலும் பெருக்கற்பலனும். Δ சொல்வது அவை மெய்யா, வேறு வேறா என்பதை மட்டும். கேள்வியின் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘மெய் மூலங்கள்’ என்று கேட்டால் Δ ≥ 0. ‘மெய்யான, சமமற்ற மூலங்கள்’ என்று கேட்டால் Δ > 0. ஒரு சொல் கூடினால் விடையிலிருந்து ஒன்றிரண்டு எண்கள் வெளியேறிவிடும்.

உண்மையான சிக்கல், கெழுக்களில் தெரியாத எண் k வரும்போதுதான். அங்கே Δ ஓர் எண்ணாக இராது. K-ஐக் கொண்ட கோவையாக இருக்கும். அதன் குறி k-க்கு k மாறும். x² − kx + 9 = 0-க்கு மெய் மூலங்கள் இருக்க k என்னவாக இருக்க வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். Δ = k² − 36. அது பூச்சியமாகவோ மிகையாகவோ இருக்க வேண்டும். எனவே k² ≥ 36. இதற்கு அடுத்த வரியில் k ≥ 6 என்று எழுதி நிறுத்திவிடுவதும், k ≥ ±6 என்று பொருளில்லாத ஒன்றை எழுதுவதும் விடைத்தாள்களில் சாதாரணம். k = −10 என்று வைத்தால் சமன்பாடு x² + 10x + 9 = 0; மூலங்கள் −1, −9. விடுபட்ட பக்கமும் சரியான விடைதான். வர்க்கம் 36-ஐ எட்டுவது எண்கோட்டின் இரு கோடிகளிலும்: k ≤ −6 அல்லது k ≥ 6.

இதைவிடக் கடினமான ஒன்று: (k − 1)x² + 4x + (k + 2) = 0. மூலங்கள் மெய்யாகவும் சமமற்றும் இருக்க k-இன் மதிப்புகளைக் காண வேண்டும். Δ = 16 − 4(k − 1)(k + 2). பெருக்கி விரித்தால் 16 − 4(k² + k − 2), அதாவது 24 − 4k − 4k². −4-ஐப் பொதுவாக வெளியே எடுத்தால் Δ = −4(k² + k − 6) = −4(k + 3)(k − 2). Δ > 0 வேண்டும். இங்கே −4-ஆல் வகுக்கும்போது அசமன்பாட்டின் திசை திரும்ப வேண்டும்: (k + 3)(k − 2) < 0. திசையைத் திருப்ப மறந்தவருக்கு k < −3 அல்லது k > 2 என்று கிடைக்கும். அது மெய் மூலங்களே இல்லாத பகுதி. விடை முழுக்கத் தலைகீழ்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு k போதும். k = 3 என்று வைத்தால் 2x² + 4x + 5 = 0; Δ = 16 − 40 = −24. மெய் மூலம் இல்லை. ஆகவே 3 விடைக்குள் வரக்கூடாது. k = 0 என்று வைத்தால் −x² + 4x + 2 = 0; Δ = 16 + 8 = 24. இது விடைக்குள் வர வேண்டும். எல்லைகளில் k = 2 என்றால் x² + 4x + 4 = 0, இரட்டை மூலம் −2; k = −3 என்றால் −4x² + 4x − 1 = 0, இரட்டை மூலம் 1/2. ஆகவே சமமற்ற மூலங்கள் கிடைப்பது −3 < k < 2 என்ற இடைவெளியில்.

அதிலும் ஓர் எண்ணை எடுத்துவிட வேண்டும். k = 1 ஆனால் x²-இன் கெழு பூச்சியமாகிறது; எஞ்சுவது 4x + 3 = 0; ஒரே தீர்வு −3/4. ஆனால் Δ-வில் k = 1 என்று போட்டால் −4 × 4 × (−1) = 16 வருகிறது. மிகை எண், இரண்டு மூலங்கள் என்று சொல்கிறது, இருப்பதோ ஒன்று. Δ இருபடிச் சமன்பாட்டுக்காகப் பிறந்தது; a = 0 ஆன இடத்தில் அதன் பேச்சைக் கேட்க முடியாது. எனவே சரியான விடை −3 < k < 2, k ≠ 1.

அந்த இரண்டாவது மூலம் எங்கே போனது என்பதை k = 1-க்கு மிக அருகில் சென்றால் காணலாம். k = 1.01 என்றால் 0.01x² + 4x + 3.01 = 0; மூலங்கள் ஏறத்தாழ −0.754, −399.2. k = 0.99 என்றால் −0.01x² + 4x + 2.99 = 0; மூலங்கள் ஏறத்தாழ −0.746, 400.7. ஒரு மூலம் −3/4-ஐ ஒட்டியே நிற்கிறது. மற்றொன்று k ஒன்றை நெருங்க நெருங்க இடப்பக்கம் எல்லையில்லாமல் விலகிப் போய், k ஒன்றைத் தாண்டியதும் வலப்பக்கத்தின் தொலைவிலிருந்து திரும்பி வருகிறது. k சரியாக 1 ஆகும் அந்த ஓரிடத்தில் மட்டும் அது எண்கோட்டில் எங்குமே இல்லை.