மூலையில் மாட்டிய கனசதுரம்

சீரான கனசதுரத்தை எந்த அச்சில் சுழற்றினாலும் நிலைமத் திருப்புத்திறன் மாறாது என்று இயற்பியல் படித்தவர்கள் சொல்வதுண்டு. அச்சு கனசதுரத்தின் மையத்தைத் தொட்டுக்கொண்டு போகும்வரை அது சரி. அச்சை ஒரு மூலைக்குக் கொண்டுபோனால் சரியில்லை. ஒரே பொருள், ஒரே மூலை, ஆனால் அச்சைச் சாய்க்கச் சாய்க்க மதிப்பு ஐந்து மடங்குக்கு மேல் மாறும். அப்படியும் மூலையில் வேறொரு சமத்துவம் மிஞ்சி நிற்கிறது.

முதலில் ஒரு கனசதுரம் வேண்டும். பக்கம் 1 மீட்டர், நிறை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தெர்மாகோலில் அறுத்தால் ஏறக்குறைய இந்த நிறைதான் வரும். காற்று இழுப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இந்த எண்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், விடைகளெல்லாம் முழு எண்களாக வரும் என்பதே. அலகு கிலோகிராம்-மீட்டர்², இனி எண்ணை மட்டும் சொல்கிறேன்.

பொருளின் ஒவ்வொரு துணுக்கின் நிறையையும், அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது நிலைமத் திருப்புத்திறன். எண் பெரிதானால் சுழற்றிவிடுவது கடினம், நிறுத்துவதும் கடினம். மையத்தின் வழியே, ஒரு விளிம்புக்கு இணையாக அச்சைச் செருகினால் நம் தெர்மாகோலுக்கு 2 வருகிறது. எதிரெதிர் மூலைகளை இணைக்கும் மூலைவிட்டத்தில் செருகினாலும் அதே 2.

இதைக் கேட்டவுடன் நம்ப முடியாது. மூலைவிட்டத்தில் செருகும்போது இரண்டு மூலைகள் அச்சின் மேலேயே உட்கார்ந்துவிடுகின்றன. அப்போது எண் குறைய வேண்டாமா? எட்டு மூலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ குண்டு இருப்பதாக வைத்துக் கூட்டிப் பார்க்கலாம். விளிம்புக்கு இணையான அச்சிலிருந்து எட்டுக் குண்டுகளும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. தூரத்தின் வர்க்கம் 1/2. மொத்தம் 4. மூலைவிட்ட அச்சில் இரண்டு குண்டுகளுக்குப் பூஜ்யம். ஆனால் மற்ற ஆறும் கொஞ்சம் வெளியே தள்ளிப்போய்விட்டன. ஒவ்வொன்றுக்கும் வர்க்கம் 2/3. ஆறு தடவை 2/3, மறுபடியும் 4. எதிரெதிர் விளிம்புகளின் நடுப்புள்ளிகளை இணைக்கும் அச்சில் நான்கு குண்டுகளுக்கு 1/4, நான்குக்கு 3/4. அதுவும் 4.

மூன்று அச்சுகளில் ஒத்துவந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றிலும் ஒத்துவரும் என்று சொல்லிவிட முடியாது. காரணம் பிதாகரஸ் தேற்றத்தில் இருக்கிறது. அச்சிலிருந்து ஒரு துணுக்கின் தூரத்தின் வர்க்கம் என்பது, மையத்திலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தில் இருந்து, அச்சின் நெடுக அது எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதன் வர்க்கத்தைக் கழித்தது. முதல் பகுதிக்கும் அச்சுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே இரண்டாவது பகுதியின் கூட்டல் எல்லாத் திசையிலும் ஒன்றா என்பதுதான் கேள்வி. அதை விரித்தால் x², y², z² உறுப்புகளும் xy போன்ற பெருக்கல் உறுப்புகளும் வரும். மையத்திலிருந்து பார்த்தால் வலப்பக்கத்துத் துணுக்கு ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கத்தில் ஓர் இணை உண்டு. அதனால் பெருக்கல் உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. கனசதுரத்தைக் கால் சுற்று திருப்பினால் அதுவே கிடைப்பதால் x², y², z² கூட்டல்கள் மூன்றும் சமம். மூன்றும் சமமாகிவிட்டால் திசைக்கு அங்கே பேச்சே இல்லை.

இதில் வர்க்கம் என்பது முக்கியம். தூரத்தின் நான்காம் அடுக்கைக் கூட்டச் சொல்லியிருந்தால் கனசதுரம் தன் மூலைகளைக் காட்டிக்கொடுத்திருக்கும். வர்க்கத்தின் கண்ணுக்கு அது உருண்டையிலிருந்து வேறுபட்டுத் தெரிவதில்லை. சமையல் உப்பின் படிகம் கனசதுர அமைப்புடையது. அதற்குள் ஒளி எந்தத் திசையில் போனாலும் ஒளிவிலகல் எண் ஒன்றாக இருப்பதும் இதே கணக்கால்தான்.

இனி மூலைக்குப் போவோம். மூலையிலிருந்து அளந்தால் x, y, z எல்லாமே 0 முதல் 1 வரை. எதிர்ப்பக்கம் என்று ஒன்று கிடையாது. y² இன் சராசரி 1/3, z² இன் சராசரி 1/3, இரண்டையும் கூட்டி 12ஆல் பெருக்கினால் 8. மூலை வழியே, விளிம்பின் நெடுகப் போகும் அச்சுக்கான மதிப்பு அது. xy இன் சராசரி 1/2 × 1/2, அதாவது 1/4. 12ஆல் பெருக்கி, வரையறைப்படி கழித்தல் குறி போட்டால் −3. இவற்றை அடுக்கிவைத்த ஒன்பது எண்களின் கட்டம்தான் நிலைம டென்சர்:

```
 8  -3  -3
-3   8  -3
-3  -3   8
```

அந்த −3 வெறும் கணக்குக்குப் போட்டதல்ல. கனசதுரத்தை விளிம்பில் கோர்த்துச் சுழற்றினால் கோண உந்தம் அச்சின் திசையில் நிற்காது, பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு கூடவே சுற்றும். தண்டைத் தாங்கும் பேரிங்குகள் அதை ஒவ்வொரு சுற்றிலும் இழுத்துப்பிடிக்க வேண்டியிருக்கும்.

இந்த ஆட்டம் இல்லாத திசைகளும் இதே மூலையில் உண்டு. x, y, z மூன்றிலும் சமமாகச் சாயும் திசை மூலைவிட்டம். ஒரு வரிசையை அப்படியே கூட்டினால் 8 − 3 − 3, அதாவது 2. மூலைவிட்டம் மையம் வழியாகவும் போகிறதே, முன்பு கிடைத்த 2 திரும்ப வந்தாக வேண்டும். மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக, அதே மூலை வழியே எந்த அச்சை எடுத்தாலும் 8 + 3, அதாவது 11. மூலையில் மிஞ்சியிருக்கும் சமத்துவம் இதுதான்: எல்லா அச்சுகளுக்கும் இல்லை, ஒரு தளத்திலுள்ள அச்சுகள் அத்தனைக்கும். மற்றவை இந்த 2க்கும் 11க்கும் இடையில் விழும். முகத்தின் மூலைவிட்டத்துக்கு 5.

இணை அச்சுத் தேற்றம் தெரிந்தவர்கள் டென்சர் இல்லாமலேயே இதைச் சரிபார்க்கலாம். மையம் அச்சிலிருந்து விலகியிருக்கும் தூரத்தின் வர்க்கத்தை 12ஆல் பெருக்கி 2உடன் கூட்ட வேண்டும். விளிம்பிலிருந்து வர்க்கம் 1/2, ஆகவே 2 + 6. முகத்தின் மூலைவிட்டத்திலிருந்து 1/4, ஆகவே 2 + 3. செங்குத்து அச்சுகளில் அது 3/4, ஆகவே 2 + 9. எல்லா வித்தியாசமும் அந்தத் தூரத்திலிருந்து வருவதுதான்.

இதைக் கையால் செய்துபார்க்க 10 செ.மீ. மரக்கட்டை போதும். மூலையை உராய்வில்லாத ஒரு மூட்டில் மாட்டித் தொங்கவிட்டால் மூலைவிட்டம் செங்குத்தாக நிற்கும். லேசாகத் தள்ளினால் ஊசலாடும். ஆடும் அச்சு கிடைமட்டம், அதாவது அந்த 11இன் தளத்தில் உள்ளது. கீழிருந்து பார்த்தால் கட்டைக்கு மூன்று முகங்கள், மூன்று விளிம்புகள். ஆனாலும் விளிம்பை நோக்கித் தள்ளினாலும் முகத்தை நோக்கித் தள்ளினாலும் அலைவு நேரம் ஒன்றே, ஏறத்தாழ 0.65 விநாடி. மரம் சீரானதாக இல்லாமல் ஒரு பக்கம் கணு இருந்தால் இந்தச் சமம் கெடும். ஆட்டம் நேர்கோட்டில் நில்லாமல் மெல்ல நீள்வட்டமாகத் திரும்ப ஆரம்பிக்கும்.

தாளில் அதிகம் நேரும் தவறு, −3க்கு முன்னால் இருக்கும் குறியை விட்டுவிடுவது. அப்போது மூலைவிட்டத்துக்கு 14, மற்ற இரண்டுக்கும் 5, 5 என்று வரும். மூன்றின் கூட்டல் 24, சரியான விடையிலும் 24. அந்தச் சோதனையில் பிழை தப்பித்துவிடும். ஆனால் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகளில் எந்த ஒன்றின் மதிப்பும் மற்ற இரண்டின் கூட்டலைத் தாண்டக் கூடாது. 5ம் 5ம் 10. 14 அதைத் தாண்டுகிறது. அப்படி ஒரு பொருளை எந்த மரத்திலும் செதுக்க முடியாது. 2, 11, 11 அந்தச் சோதனையில் தேறுகிறது.