பிடிவாத நரைக்கு ஒரு முன்வேலை

தலை முழுக்க டை நன்றாகப் பிடித்திருக்கும். காதோர நரை மட்டும் நாலைந்து முறை தலைக்குக் குளித்ததும் வெளுத்துவிடும். இப்படி வருகிறவர்களின் காதோர முடியில் அழகுநிலையத்தில் முதலில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். ஊறாமல் முத்து முத்தாக நின்றால், அது நிறம் ஏறத் தயங்கும் முடி.

காரணம் முடியின் வெளித்தோல். ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் அதன் செதில்கள், முரட்டு நரையில் இறுக்கமாக மூடியிருக்கும். நிரந்தர டை உள்ளே நுழைந்தால்தான் நிறம் நிற்கும்.

அதனால் டை பூசும் முன், 20 வால்யூம் டெவலப்பரை, அதாவது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை, உலர்ந்த நரைமுடியில் மட்டும் பிரஷ்ஷால் தடவுகிறார்கள். தோலில் படக்கூடாது. 10 முதல் 15 நிமிடம் ஊறியபின் அலசுவதில்லை. துண்டால் ஒற்றி எடுத்து, அந்த இடத்திலிருந்தே டை பூசத் தொடங்குகிறார்கள். டை ஊறும் நேரத்தைக் குறைப்பதும் இல்லை.

நேரம் மிஞ்சினால் முடி வறண்டு சொரசொரப்பாகும். நிறமும் திட்டுத்திட்டாக ஏறும். ஏற்கெனவே ப்ளீச் செய்த முடிக்கு இது வேண்டாம். உலோக உப்பு கலந்த ‘கருப்பு மருதாணி’ போட்ட தலையில் பெராக்சைடு பட்டால் முடி சூடேறி அறுந்துபோகலாம். டை ஒவ்வாமைக்கான சோதனையை 48 மணி நேரம் முன்பே செய்துவிட வேண்டும்.